1983 இறுதிப் போட்டியின் ஸ்கோர்கார்டு: மடிப்பில் மறைந்த ஓர் எண்ணும் இடிக்கும் கணக்கும்

வெண்மதி:
அனைவருக்கும் வணக்கம். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் மோதிய கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ஸ்கோர்கார்டு அச்சான ஒரு பழைய தாளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்ததால், இந்திய இன்னிங்ஸின் பந்துவீச்சுப் பகுதியில் கோம்ஸ் கொடுத்த ரன்கள் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு ஓடுகிறது. முதல் இலக்கம் 4 போலத் தெரிகிறது. அடுத்த இலக்கம் அழிந்துவிட்டது. அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மொத்தம் 183. எக்ஸ்ட்ரா வரிசையில் பி 5, எல்பி 5, டபிள்யூ 9, என்பி 1 என்று போட்டு 20 என்று கூட்டியிருக்கிறார்கள். பையும் லெக் பையும் பந்துவீச்சாளர் கணக்கில் சேராது என்பதால் அந்தப் பத்தைக் கழித்தேன்; 173 வந்தது. ராபர்ட்ஸ் 32, கார்னர் 24, மார்ஷல் 24, ஹோல்டிங் 26, ரிச்சர்ட்ஸ் 8, ஆக 114. மீதி 59. ஆனால் தாளில் தெரிவது 4 என்ற இலக்கம். நான் எங்கே தவறினேன்?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ரன் ரேட் 3.36 என்று எழுதியிருக்கிறார்கள், அது சரியா? அடுத்து, வெஸ்ட் இண்டீஸ் விக்கெட் வீழ்ச்சி வரிசையில் 4-66, 5-66 என்று ஒரே எண் இரண்டு முறை வருகிறதே, அது அச்சுப் பிழையா?

கதிர்வேல்:
உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை. வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் தலையில் விழும், பையும் லெக் பையும் விழாது என்பதே விதி. அதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். எனவே கோம்ஸ் கொடுத்தது 59. மடிப்பில் மை சிதைந்து 5 என்ற இலக்கம் 4 போலத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ரன் ரேட்டைப் பொறுத்தவரை 3.36 தவறு. இந்தியா 54.4 ஓவரில் எல்லா விக்கெட்டுகளையும் இழந்துவிட்டது. ஓர் அணி முழுவதும் ஆட்டமிழந்தால் அதற்கு ஒதுக்கிய முழு ஓவர்களாலும் வகுக்க வேண்டும். அன்று ஒரு இன்னிங்ஸுக்கு 60 ஓவர்கள். 183ஐ 60ஆல் வகுத்தால் 3.05 வரும்.

சுடர்:
எனக்கு ஒன்று புரியவில்லை. எக்ஸ்ட்ரா வரிசையில் டபிள்யூ 9 என்று இருப்பதால் ஒன்பது விக்கெட்டுகள் என்றுதானே பொருள்? அப்படியானால் பத்து விக்கெட்டும் விழுந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த ஒன்பதை ரன்களில் சேர்ப்பதும் சரியாகப் படவில்லை.

இளங்கோ (ஸ்கோரர்):
சுடர், ஸ்கோர்கார்டில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருளில் வரும். பந்துவீச்சுப் பகுதியின் தலைப்பில் கடைசியாக நிற்கும் பெரிய டபிள்யூ விக்கெட்டைக் குறிக்கும். எக்ஸ்ட்ரா வரிசையில் உள்ள சிறிய டபிள்யூ வைடு. பி என்ற எழுத்தும் அப்படித்தான்: எக்ஸ்ட்ராவில் அது பை, பேட்ஸ்மேன் பெயருக்கு எதிரே வந்தால் பந்துவீசியவர் பெயரைக் காட்டும். நட்சத்திரக் குறிகூட இரண்டு வேலை செய்கிறது. கபில் தேவ் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் அணித் தலைவர். சந்துவின் 11க்குப் பக்கத்தில் இருந்தால் அவர் ஆட்டமிழக்கவில்லை. எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று பார்த்த பிறகே எழுத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

இனி மடிப்புக்கு வருவோம். அதில் மறைந்திருப்பது 49. தாளில் வெண்மதி கண்ட 4 சரியானதே. வெண்மதியின் கூட்டலிலும் பிழை இல்லை. பிழை அவர் கையாண்ட விதியின் காலத்தில் இருக்கிறது. வைடையும் நோபாலையும் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதும் வழக்கம் 1980களின் நடுப்பகுதியில்தான் வந்தது. 1983 உலகக் கோப்பையின்போது பை, லெக் பை, வைடு, நோபால் நான்குமே அணியின் கணக்கில் மட்டும் சேர்ந்தன. பந்துவீச்சாளர் பெயரில் எழுதியது மட்டையிலிருந்து வந்த ரன்களை மட்டுமே. ஆகவே 183 இலிருந்து பத்தை அல்ல, இருபதையும் கழிக்க வேண்டும். 163 இலிருந்து மற்றவர்களின் 114 போக மீதி 49.

என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. அதே தாளில் மடிப்புப் படாத இன்னிங்ஸ் ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டிப் பாருங்கள்.

வெண்மதி:
கூட்டிப் பார்த்தேன், ஐயா. வெஸ்ட் இண்டீஸ் மொத்தம் 140. எக்ஸ்ட்ரா எல்பி 4, டபிள்யூ 10, ஆக 14. பந்துவீச்சில் கபில் தேவ் 21, சந்து 32, மதன்லால் 31, பின்னி 23, அமர்நாத் 12, ஆசாத் 7, கூட்டினால் 126. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் இது 136 ஆக இருந்திருக்க வேண்டும். மொத்தத்திலிருந்து 14ஐயும் கழித்தால் 126 வருகிறது. ஆக, பத்து வைடுகளும் எந்தப் பந்துவீச்சாளர் கணக்கிலும் இல்லை. எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்த இந்தப் பகுதியை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு மாலை முழுவதும் மடிப்போடு போராடியிருக்க மாட்டேன்.

கதிர்வேல்:
இளங்கோ ஐயா, கோம்ஸ் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். இன்றைய விதி என்றும் இருந்தது என்று எண்ணிவிட்டேன். ஆனால் 60ஆல் வகுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. புள்ளிப் பட்டியல் போடும்போது அப்படித்தானே செய்கிறார்கள்?

இளங்கோ (ஸ்கோரர்):
கதிர்வேல், நீங்கள் சொல்வது நிகர ரன் ரேட்டுக்குப் பொருந்தும். தொடர் முழுவதும் ஓர் அணி எடுத்த வேகத்தையும் கொடுத்த வேகத்தையும் ஒப்பிடும்போது, சீக்கிரம் சுருண்ட அணி அதனால் பயன் அடைந்துவிடக் கூடாது என்பதற்காக முழு ஓவர்களையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஸ்கோர்கார்டில் மொத்தத்துக்குப் பக்கத்தில் எழுதும் ரன் ரேட் அந்தக் கேள்விக்கு விடை அல்ல. ஆடிய ஓவர்களில், ஓவருக்கு எத்தனை ரன்கள் வந்தன என்பதே அது.

பென்சிலால் எழுதியவர் வேறொரு இடத்தில் சறுக்கியிருக்கிறார். அவர் 183ஐ 54.4ஆல் அப்படியே வகுத்திருக்கிறார், அப்போதுதான் 3.36 வரும். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 54 முழு ஓவர்களும் அடுத்த ஓவரில் 4 பந்துகளும் என்று படிக்க வேண்டும். பந்துகளாக மாற்றினால் 328. 183ஐ 328ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 3.35.

நூறில் ஒரு பங்குதானே வேறுபாடு என்று தோன்றலாம். ஹோல்டிங்குக்குச் செய்து பாருங்கள். 9.4 ஓவரில் 26 ரன்கள். தசமமாக எடுத்தால் ஓவருக்கு 2.77; 58 பந்துகளாக எடுத்தால் 2.69. ஓவர்கள் குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகும். புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 என்ற இலக்கங்கள் ஒருபோதும் வராததைக் கவனித்தால் அது தசமம் அல்ல என்பது உடனே விளங்கிவிடும்.

தாமரை:
இந்த இழையைப் படித்ததும் என் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துவந்துவிட்டேன். சென்ற வாரம் நான் எழுதிய ஆட்டத்தில் மொத்தம் 142, பை 3, லெக் பை 4, வைடு 11, நோபால் இல்லை. பந்துவீச்சாளர்களின் ரன்கள் 131தான் வருகின்றன; 135 வர வேண்டும். பேட்டிங் பக்கம் சரியாகக் கூடுகிறது. வைடு எனக்கும் பந்துவீச்சில் சேராமல் போயிருக்கலாமா? நான் எழுதுவது இன்றைய விதிப்படிதான்.

இளங்கோ (ஸ்கோரர்):
தாமரை, உங்கள் ஆட்டத்தில் காரணம் வேறு. வைடுகள் எல்லாமே விடுபட்டிருந்தால் 11 குறைந்திருக்கும், குறைவது 4. ஏதாவது ஒரு வைடு பந்து கீப்பரையும் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போனதா என்று பாருங்கள். அப்படிப் போனால் ஐந்து ரன்கள், ஐந்தும் வைடு, ஐந்தும் பந்துவீச்சாளர் கணக்கு. எக்ஸ்ட்ரா வரிசையில் ஐந்தைச் சேர்த்துவிட்டு, பந்துவீச்சாளர் கட்டத்தில் பழக்கத்தால் ஒன்றை மட்டும் எழுதியிருப்பீர்கள்.

தாமரை:
பன்னிரண்டாவது ஓவரில் அப்படியே நடந்திருக்கிறது. கட்டத்தில் வைடு குறியை மட்டும் போட்டுவிட்டு, அதனுடன் போன நான்கைக் காட்டும் புள்ளிகளை இடாமல் விட்டிருக்கிறேன். அந்த நான்கையும் பை என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இளங்கோ (ஸ்கோரர்):
அப்போது கணக்கு நேராகிவிடும். பதிவு மட்டும் தவறாகவே நிற்கும். எக்ஸ்ட்ராவில் வைடு நான்கு குறைந்து பை நான்கு கூடும். பந்துவீச்சாளர் கணக்கோடு பையையும் லெக் பையையும் கூட்டினால் 142 சரியாக வரும். கூட்டல் சரிபார்ப்பு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பிழைகளை மட்டுமே காட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறினால் அது மௌனமாக இருந்துவிடும். அதனால்தான் இரண்டு ஸ்கோரர்கள் தனித்தனியாக எழுதி ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

வெண்மதி:
என் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பேட்ஸ்மேனும் எதிர்கொண்ட பந்துகள் அச்சாகியிருக்கின்றன. கவாஸ்கர் 12, ஸ்ரீகாந்த் 57, அமர்நாத் 80 என்று தொடங்கிச் சந்துவின் 30 வரை கூட்டினேன். 329 வருகிறது. நீங்கள் 328 என்கிறீர்கள். ஒரு பந்து அதிகமாக இருக்கிறதே?

இளங்கோ (ஸ்கோரர்):
அந்த ஒரு பந்தை நீங்கள் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஓவர் கணக்கில் முறையான பந்துகள் மட்டுமே சேரும். பேட்ஸ்மேன் எதிர்கொண்ட பந்துகளில் வைடு சேராது. ஆனால் நோபால் சேரும், ஏனென்றால் அதை அவர் அடிக்க முடியும். இந்திய இன்னிங்ஸில் என்பி 1. 328உடன் அந்த ஒன்றைச் சேர்த்தால் 329. வெஸ்ட் இண்டீஸ் பக்கத்தில் நோபாலே இல்லை. அங்கே எதிர்கொண்ட பந்துகளின் கூட்டல் 312 வரும், 52 ஓவர்களுக்கும் பந்துகள் 312தான்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. அக்காலத்தில் நோபாலை அடித்து ரன் எடுத்தால் அந்த ரன் பேட்ஸ்மேனுக்குச் சேர்ந்துவிடும். எக்ஸ்ட்ராவில் தனியாக ஒன்று ஏறாது. எனவே என்பி 1 என்பதை மட்டும் வைத்து ஒரேயொரு நோபால்தான் வீசப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. எதிர்கொண்ட பந்துகள் 329 ஆக நிற்பதால்தான் அது ஒன்றே ஒன்று என்று உறுதியாகிறது.

சுடர்:
எழுத்து விளக்கத்துக்கு நன்றி. இப்போது விக்கெட் வீழ்ச்சி வரிசையைப் படிக்க முயன்றேன். 1-2 என்பதை ஒரு ரன்னுக்கு இரண்டு விக்கெட் என்று முதலில் நினைத்தேன். அடுத்து 2-59 வந்ததால் முன்னால் இருப்பது விக்கெட், பின்னால் இருப்பது ரன் என்று புரிந்தது. 5-110 என்பது ஐந்தாவதாக இருக்கும் சந்தீப் பாட்டீல் ஆட்டமிழந்ததைக் காட்டுகிறது, சரிதானே?

கதிர்வேல்:
முதல் பகுதி சரி. 2-59 என்றால் அணி 59 ரன்கள் எடுத்திருந்தபோது இரண்டாவது விக்கெட் விழுந்தது. முதல் விக்கெட் 2 ரன்னில் போனதால், ஸ்ரீகாந்தும் அமர்நாத்தும் சேர்ந்து 57 ரன்கள் குவித்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் இதைவிடப் பெரிய கூட்டு இல்லை. ஆனால் பேட்டிங் வரிசை வேறு, ஆட்டமிழந்த வரிசை வேறு. உங்கள் இரண்டாவது பகுதியை ஏற்க முடியாது.

இளங்கோ (ஸ்கோரர்):
கதிர்வேல் சொல்வது சரி, அதைத் தாளை வைத்தே நிறுவவும் முடியும். ஐந்தாவது ஆட்டக்காரர் உள்ளே வருவது மூன்றாவது விக்கெட் விழும்போது. அதாவது பாட்டீல் 90 ரன்னில் வந்தார். அவர் எடுத்தது 27. அவர் 110இல் ஆட்டமிழந்திருந்தால், அணியே 20 ரன்கள் மட்டும் சேர்த்த இடைவெளியில் அவர் 27 எடுத்ததாக ஆகிவிடும். ஆறாவது விக்கெட் விழுந்த 111இலும் இதே முட்டுக்கட்டை. ஆகவே ஏழாவது விக்கெட் விழுந்த 130க்கு முன்னால் பாட்டீல் போயிருக்க வழியில்லை. உண்மையில் அவர் எட்டாவது விக்கெட்டாக 153இல் ஆட்டமிழந்தார். 110இல் போனவர் கபில் தேவ்.

வெண்மதி கேட்ட 4-66, 5-66 அச்சுப் பிழை அல்ல. இரண்டு விக்கெட்டுகளுக்கு நடுவில் அணிக்கு ஒரு ரன்கூட வரவில்லை என்பதே பொருள்.

சுடர்:
அந்த இரண்டு பேரும் லாயிடும் கோம்ஸும் என்று நானே கண்டுபிடித்தேன். ஆறாவது ஆட்டக்காரர் பாக்கஸ் 66இல்தான் உள்ளே வந்தார். அவர் 8 ரன்கள் எடுத்திருப்பதால் அதே 66இல் போயிருக்க முடியாது. லாயிட் பெயர் மேலே இருப்பதால் அவர்தான் முதலில் போனாரா?

இளங்கோ (ஸ்கோரர்):
நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள், ஆனால் கடைசிப் படியில் மறுபடியும் பேட்டிங் வரிசையின் மீது சாய்ந்துவிட்டீர்கள். முதலில் போனவர் கோம்ஸ், அடுத்து லாயிட். இது எனக்குத் தெரிந்திருப்பது பெயர்களோடு அச்சான வேறொரு பதிவிலிருந்து. வெண்மதியின் தாளில் எண்கள் மட்டுமே இருப்பதால், எந்தக் கூட்டலும் கழித்தலும் இதற்கு விடை தராது.

வெண்மதி:
இனி தாளின் ஓரத்தில் 49 என்றும் 3.35 என்றும் என் கையால் எழுதி வைக்கப் போகிறேன். இன்னும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. கார்னர் 12 ஓவர், 4 மெய்டன், 24 ரன், 1 விக்கெட் என்று இருக்கிறது. இன்றைய முறைப்படி எழுதினால் அவருடையதும் மற்றப் பந்துவீச்சாளர்களுடையதுமான கணக்கு எப்படி இருந்திருக்கும்?

இளங்கோ (ஸ்கோரர்):
அதைத் தாளிலிருந்து மீட்க முடியாது. ஒன்பது வைடுகளையும் ஒரு நோபாலையும் யார் யார் வீசினார்கள் என்பது இங்கே பிரிக்கப்படவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்துப் பத்து ரன்கள் கூடும் என்பது மட்டுமே உறுதி. மெய்டன்களும் அப்படியே. பந்துவீச்சாளர் கணக்கில் ரன் ஏறாத ஓவரே மெய்டன் என்பதால், அன்று வைடு விழுந்த ஓவரும் மெய்டனாக நின்றிருக்கும், இன்று நிற்காது. ராபர்ட்ஸின் மூன்றிலோ கார்னரின் நான்கிலோ அப்படிப்பட்ட ஓவர் இருந்ததா என்பதைப் பந்துக்குப் பந்து எழுதிய புத்தகம் கையில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

கதிர்வேல்:
அப்படியானால் அக்காலப் பந்துவீச்சாளர்களின் எகானமியை இன்றையவர்களோடு ஒரே பட்டியலில் வைப்பது நியாயமே அல்ல. பழைய கணக்குகள் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு குறி போட வேண்டும்.

தாமரை:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று விளையாடிய எல்லோரும் ஒரே விதியின் கீழ்தான் விளையாடினார்கள். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். ஒப்பிட நினைப்பவர், வெண்மதி செய்ததைப் போல, மொத்தத்தையும் எக்ஸ்ட்ராவையும் ஒரு முறை கூட்டிப் பார்த்தால் எந்த விதியில் எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்வார்.

கதிர்வேல்:
வைடும் நோபாலும் இல்லாத இன்னிங்ஸாக இருந்தால் கூட்டிப் பார்த்தும் தெரியாதே, தாமரை.